கலைச்சொற்பட்டியலை அகரவரிசையில் அடுக்குவது குறித்து: மொழிபெயர்ப்பு நூல்களைப் பதிப்பிப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாசிரியர்களுக்கும் பக்க வடிவமைப்பாளர்களுக்கும்,

வணக்கம். நீண்ட நூல்களும் அறிக்கைகளும் தமிழாக்கம் செய்யப்பட்ட பிறகு, அவற்றின் கடைசிப் பக்கங்களில் வரும் கலைச்சொற்பட்டியல், பெயரடைவு, சொல்லடைவு ஆகியவற்றைச் சரிபார்ப்பது என் வேலை. மெய்ப்புக்கு வரும் கட்டுகளில் ஒரே தவறு வெவ்வேறு உருவில் திரும்பத் திரும்ப வருவதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு சொல்லையும் சரியாகத் தமிழாக்கியிருப்பார். ஆனால் சொற்கள் நிற்கும் வரிசையைத் தமிழாக்க வேண்டும் என்பது எவருடைய பணிப்பட்டியலிலும் இருந்திருக்காது. அதை ஒரு தனிப் பணியாக உங்கள் வேலைத்திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடலை எழுதுகிறேன்.

அண்மையில் என்னிடம் வந்தது நீர் மேலாண்மை பற்றிய ஓர் அறிக்கையின் தமிழாக்கம். அதன் பின்னிணைப்பில் சுமார் 300 கலைச்சொற்கள் விளக்கத்துடன் இருந்தன. பட்டியலின் முதல் வடிவம் ஆங்கில வரிசையிலேயே இருந்தது. இதைக் கண்டுபிடிப்பது எளிது. ‘அமிலம்’ முதலில் வந்து, அடுத்து ‘பாக்டீரியா’வும் அதை அடுத்து ‘செல்’லும் ‘நொதி’யும் வந்தால், மூலத்தின் ஏ, பி, சி, ஈ அப்படியே தமிழ்ச் சட்டை போட்டு நிற்கிறது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். நான் குறிப்பு எழுதி அனுப்பினேன். இரண்டு நாளில் திருத்திய வடிவம் வந்தது. ‘அமிலம், செல், நொதி, பாக்டீரியா, புரதம், மரபணு’ என்று எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலத் தோன்றியது. ஆனால் அதுவும் தவறான வரிசைதான். இந்த இரண்டாவது தவற்றைப் பற்றித்தான் உங்களிடம் விரிவாகப் பேச விரும்புகிறேன், ஏனென்றால் முதல் தவறு கண்ணில் படும், இது படாது.

திருத்தியவர் செய்தது இதுதான்: பட்டியலைக் கணினியில் தேர்ந்தெடுத்து, வரிசைப்படுத்தும் பொத்தானை அழுத்தியிருக்கிறார். அவர் பயன்படுத்திய மென்பொருளுக்குத் தமிழ் அகரவரிசை தெரியாது. ஒவ்வோர் எழுத்துக்கும் யூனிகோடில் கொடுக்கப்பட்டிருக்கும் எண்ணைப் பார்த்து, சிறிய எண்ணை முன்னும் பெரிய எண்ணைப் பின்னும் வைத்துவிட்டது. தமிழ் எழுத்துகளுக்கான எண்கள் நம் அகரவரிசைப்படி கொடுக்கப்பட்டவை அல்ல. இந்திய எழுத்துகள் அனைத்துக்கும் பொதுவாக ஒரே சட்டகத்தை வகுத்த 1988-ஆம் ஆண்டின் இஸ்கி தரத்தை ஒட்டி, தேவநாகரியில் ஓர் எழுத்து எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ, தமிழிலும் அதற்கு இணையான எழுத்து அதே கட்டத்தில் வைக்கப்பட்டது. அந்தச் சட்டகத்தில், வடமொழி நெடுங்கணக்கில் இல்லாத நம் எழுத்துகள், ஒலியில் நெருங்கிய எழுத்துக்குப் பக்கத்தில் போய் அமர்ந்தன. அதனால் ‘ந’வுக்கு அடுத்தபடியாக ‘ன’ வருகிறது, ‘ர’வுக்கு அடுத்து ‘ற’, ‘ல’வுக்கு அடுத்து ‘ள’, அதன்பின் ‘ழ’, கடைசியாக ‘வ’. ‘ஜ’ என்பது ‘ச’வுக்கும் ‘ஞ’வுக்கும் நடுவில் நிற்கிறது. ஆய்தமோ ‘அ’வுக்கும் முன்னால் இருக்கிறது.

நாம் பள்ளியில் கற்ற வரிசை ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்று முடியும். கிரந்த எழுத்துகள் அதற்குப் பிறகு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு பெரிது. ஆனால் பட்டியலைப் புரட்டுகிறவருக்கு அது ஏன் தெரிவதில்லை என்றால், ன, ற, ள, ழ என்னும் நான்கு எழுத்துகளும் தமிழில் சொல்லுக்கு முதலில் வருவதில்லை. முதலெழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போகிறவருக்கு, ஜகரச் சொற்களும் ஆய்தத்தில் தொடங்கும் சொற்களும் தவிர மற்றவை எல்லாம் சரியாகவே தோன்றும். கோளாறு இரண்டாம் எழுத்திலும் அதற்குப் பின்னும் ஒளிந்திருக்கிறது. மேலே சொன்ன ஆறு சொற்களும் எண் வரிசையிலும் அகரவரிசையிலும் ஒன்றாகவே வரும். ஆகவே சில சொற்களைப் பார்த்துவிட்டுப் பட்டியல் சரி என்று முடிவு செய்வது இங்கே உதவாது. எந்தச் சொற்களைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்து பார்க்க வேண்டும்.

அந்த அறிக்கையில் அகரத்தில் தொடங்கிய சொற்களை எடுத்துக்கொள்வோம். திருத்திய வடிவில் அவை ‘அனல், அமிலம், அரண், அறை, அலை, அளவு, அழுத்தம், அவை’ என்று இருந்தன. தமிழ் அகரவரிசைப்படி அவை ‘அமிலம், அரண், அலை, அவை, அழுத்தம், அளவு, அறை, அனல்’ என்று இருக்க வேண்டும். முதல் இடத்தில் நின்ற ‘அனல்’ கடைசிக்குப் போகிறது. கடைசியில் நின்ற ‘அவை’ நடுவுக்கு வருகிறது. அகராதி பார்க்கப் பழகிய ஒருவர் ‘அனல்’ என்ற சொல்லைத் தேடினால், அகரப் பகுதியின் இறுதிக்குத்தான் போவார். அங்கே அது இல்லாததைக் கண்டு, இந்த நூலில் அந்தச் சொல்லுக்கு விளக்கம் இல்லை என்று மூடிவிடுவார். விளக்கம் அதே பகுதியின் தொடக்கத்தில் இருந்தும் பயனில்லாமல் போகிறது.

புள்ளியால் வரும் தவறு இதைவிடவும் பரவலானது. தமிழ் அகராதி மரபில் மெய்யெழுத்து, அதன் உயிர்மெய்களுக்கு முன்னால் வரும். ‘க்’ முதலில், பிறகு க, கா, கி. ‘பக்கம்’ முதலில், பிறகு ‘பகல்’, ‘பகுப்பு’. யூனிகோடில் புள்ளி ஒரு தனிக் குறி. அதன் எண் கால், கொம்பு, கொக்கி முதலான எல்லா உயிர்க்குறிகளின் எண்ணையும்விடப் பெரியது. எனவே எண்படி அடுக்கினால் மெய்யெழுத்து உயிர்மெய் வரிசையின் கடைசிக்குத் தள்ளப்படுகிறது. அறிக்கையில் நான் முதலில் கவனித்ததே இதைத்தான். நீர் பற்றிய நூலில் ‘நீர்’ என்ற தலைச்சொல், ‘நீராவி’, ‘நீரேற்றம்’ என்ற சொற்களுக்குக் கீழே கிடந்தது. வரிசை இப்படி இருந்தது: நீக்கம், நீராவி, நீரேற்றம், நீர், நீர்த்தேக்கம், நீர்மம், நீலம், நீள்வட்டம். சரியான வரிசை: நீக்கம், நீர், நீர்த்தேக்கம், நீர்மம், நீராவி, நீரேற்றம், நீலம், நீள்வட்டம். தாய்ச்சொல் அதன் வழிச்சொற்களுக்குப் பின்னால் வந்திருக்கிறது என்றால், அந்தப் பட்டியல் எண்படி அடுக்கப்பட்டது என்று ஐயமின்றிச் சொல்லிவிடலாம். ஒரு நூலைக் கையில் எடுத்த அரை நிமிடத்தில் இதைக் கண்டுகொள்ளலாம் என்பதால், மெய்ப்புப் பார்ப்பவர்கள் முதலில் இந்த இடத்துக்குப் போகுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

சரி, தமிழ் வரிசை தெரிந்த மென்பொருளைக் கொண்டு அடுக்கிவிட்டால் வேலை முடிந்ததா என்றால், இல்லை. கணினிக்கு எழுத்து தெரியுமே தவிர, உங்கள் பதிப்பகத்தின் எழுத்து வழக்கம் தெரியாது. அடுக்குவதற்கு முன்பு சில முடிவுகளை மனிதர்கள்தாம் எடுக்க வேண்டும். அவற்றுள் முதலாவது சேர்த்தெழுதுவதும் பிரித்தெழுதுவதும். ஆங்கிலத்தில் சொல்லிடைவெளி ஓரளவு நிலையானது. தமிழில் ஒரே நூலுக்குள் ‘நீர் மட்டம்’ என்று ஓரிடத்திலும் ‘நீர்மட்டம்’ என்று இன்னோரிடத்திலும் எழுதுகிறோம். இடைவெளியைக் கணக்கில் எடுத்துச் சொல் சொல்லாக அடுக்கினால், ‘நீர் அழுத்தம், நீர் மட்டம், நீர்க்கசிவு, நீர்மம்’ என்று வரும். இடைவெளியைப் பொருட்படுத்தாமல் எழுத்து எழுத்தாக அடுக்கினால், ‘நீர் அழுத்தம், நீர்க்கசிவு, நீர் மட்டம், நீர்மம்’ என்று வரும். இரண்டும் முறையானவையே, ஆனால் ஒரே பட்டியலில் இரண்டும் கலக்கக் கூடாது. என் அனுபவத்தில் தமிழுக்கு எழுத்து எழுத்தாக அடுக்குவதே பொருந்துகிறது. தேடுகிறவர் அந்தச் சொல்லைப் பிரித்து நினைத்தாலும் சேர்த்து நினைத்தாலும் ஒரே இடத்துக்கு வந்து சேர்வார்.

புணர்ச்சி வந்தால் மட்டும் இதுவும் கைகொடுக்காது. ‘நீர் அழுத்தம்’ என்பதை ‘நீரழுத்தம்’ என்று சேர்த்துவிட்டால், ரகர மெய் அகரத்தோடு கூடி ‘ர’ ஆகிறது. சொல் ‘நீர்மம்’ போன்றவற்றை எல்லாம் தாண்டி ‘நீராவி’க்குப் பக்கத்தில் போய்விடுகிறது. ஆகவே தலைச்சொற்களின் எழுத்து வடிவம் முடிவாகும்வரை அடுக்கக் கூடாது. அடுக்கிய பிறகு ஒரு சொல்லை மாற்றினால், அந்தச் சொல்லைத் திருத்துவதோடு அதன் இடத்தையும் மாற்ற வேண்டும். பக்க அமைப்பு முடிந்த பின் ‘சின்னத் திருத்தம்தானே’ என்று செய்யப்படும் மாற்றங்களில்தான் பல வரிசைகள் குலைகின்றன.

பெயரடைவில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுகிறது, ஏனென்றால் அயல்மொழிப் பெயரைத் தமிழில் எழுதும் முறையே அதன் இடத்தைத் தீர்மானிக்கிறது. ‘ஸ்மித்’ என்று எழுதினால் கடைசிப் பக்கத்தில், ஸகரத்தில் வரும். கிரந்தம் தவிர்த்து ‘சுமித்’ என்று எழுதினால் பட்டியலின் முன்பாதியில், சகரத்தில் வரும். இரண்டில் எதைக் கொள்வது என்பது உங்கள் விருப்பம். நூலின் உள்ளே இருக்கும் வடிவமும் அடைவில் இருக்கும் வடிவமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். ‘ஃபாரடே’ போன்ற பெயர்களுக்குத் தனி முடிவு தேவை. ஆய்தத்தின் இடம் ‘ஔ’வுக்குப் பிறகு, ‘க’வுக்கு முன். விதிப்படி அடுக்கினால் மைக்கேல் ஃபாரடே உயிரெழுத்துகளின் முடிவில் தன்னந்தனியாக நிற்பார். அங்கே யாரும் அவரைத் தேட மாட்டார்கள். ‘ஃப’ என்பதில் ஆய்தம் ஒலியைக் காட்டும் குறிதானே தவிர, அது அங்கே தனி எழுத்தாக நிற்கவில்லை. ஆகவே சொல்லின் தொடக்கத்தில் வரும் அந்த ஆய்தத்தை வரிசைக்குக் கணக்கில் எடுக்காமல், பெயரைப் பகரத்தில் வைப்பதே வாசகருக்கு உதவும் என்பது என் கருத்து. ‘க்ஷ’வைத் தனி எழுத்தாகக் கொண்டு கடைசியில் வைப்பதா, ‘க்’கும் ‘ஷ’வும் எனப் பிரித்துக் கொள்வதா என்பதையும் இப்படியே முன்கூட்டி முடிவு செய்துகொள்ளுங்கள். இந்த முடிவுகளை எல்லாம் அடைவின் தலைப்புக்குக் கீழே இரண்டு வரியில் அச்சிட்டுவிட்டால், தேடுகிறவர் தடுமாற மாட்டார்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு தவற்றையும் இங்கே சொல்ல வேண்டும். ‘ஔடதம்’ என்ற சொல்லைச் சிலர் ஔகாரத்துக்குப் பதிலாக ‘ஒ’வையும் ‘ள’வையும் அடுத்தடுத்துத் தட்டி எழுதிவிடுகிறார்கள். அச்சில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் வரிசையில் அந்தச் சொல் ஔகாரத்தை விட்டு, ‘ஒளி’க்கு முன்னால் போய் உட்காரும். ‘கௌ’ என்பதை ‘கெ’, ‘ள’ என்று தட்டுவதும் இதே வகை. ஒரு சொல் புரியாத காரணத்தால் இடம் தவறி நின்றால், அதை அழித்துவிட்டு மறுபடி தட்டிப் பாருங்கள். அல்லது சந்தேகமான எழுத்துக்கு முன்னால் சுட்டியை வைத்து அம்பு விசையை ஒரு முறை தட்டுங்கள். உண்மையான ‘ஔ’ என்றால் சுட்டி ஒரே தாவலில் கடந்துவிடும். ‘கொள்ளளவு’ போன்ற சொற்களில் ஒகரக் குறி ஒரே குறியாகவும் இருக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரிந்தும் இருக்கலாம். பிரிந்திருந்தால் எண் வரிசையில் அது கெகரச் சொற்களின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும். இதைச் சரிசெய்யக் கணினியிலேயே வழி இருக்கிறது.

நான் பயன்படுத்தும் சிறு நிரலைக் கீழே தருகிறேன். பைதான் தெரிந்த எவரும் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கடைசி வரியில் வரும் `rows` என்பது உங்கள் பட்டியலின் வரிகள்; ஒவ்வொரு வரியிலும் முதல் உறுப்பாகத் தலைச்சொல் இருக்க வேண்டும். ஒவ்வொரு சொல்லையும் தமிழ் எழுத்துகளாகப் பிரித்து, ஒவ்வோர் எழுத்துக்கும் அகரவரிசைப்படி ஓர் இடம் தருகிறது. மெய்யெழுத்துக்கு 0, அகரம் ஏறிய எழுத்துக்கு 1, மற்ற உயிர்மெய்களுக்கு அவற்றின் குறியின் எண். இடைவெளி, நிறுத்தக்குறி, எண் ஆகியவற்றைப் பொருட்படுத்தாது.

```python
import unicodedata

UYIR = "அஆஇஈஉஊஎஏஐஒஓஔஃ"
MEY = "கஙசஞடணதநபமயரலவழளறனஜஶஷஸஹ"

def key(s):
    out = []
    for c in unicodedata.normalize("NFC", s):
        if c in UYIR:
            out.append((UYIR.index(c), 0))
        elif c in MEY:
            out.append((len(UYIR) + MEY.index(c), 1))
        elif c == "\u0bcd" and out:
            out[-1] = (out[-1][0], 0)
        elif "\u0bbe" <= c <= "\u0bcc" and out:
            out[-1] = (out[-1][0], ord(c))
    return out

rows.sort(key=lambda r: key(r[0]))
```

`NFC` என்று வரும் பகுதிதான் பிரிந்து கிடக்கும் ஒகரக் குறியை ஒன்றாக்குவது. ‘ஒ’வும் ‘ள’வுமாகத் தட்டிய ஔகாரத்தை இது திருத்தாது, அது வேறு எழுத்து என்பதால் கையால்தான் திருத்த வேண்டும். சொல்லின் முதலில் வரும் ஆய்தத்தை விலக்க முடிவு செய்திருந்தால், அடுக்கும்போது மட்டும் அந்தச் சொல்லில் அதை நீக்கிக் கொடுக்க வேண்டும்.

நிரல் வேண்டாம், அட்டவணை மென்பொருளிலேயே செய்துகொள்கிறோம் என்றாலும் தவறில்லை. ஆவணத்தின் மொழியைத் தமிழ் என்று குறித்தால் சரியாக அடுக்கும் மென்பொருள்களும் இருக்கின்றன. எதுவானாலும் அதை நம்புவதற்கு முன் பத்துச் சொற்களைக் கொடுத்துச் சோதியுங்கள். அடுக்கிய பின் அவை ‘அமிலம், அவை, அழுத்தம், அளவு, அறை, அனல், ஞாயிறு, நீர், நீராவி, ஜன்னல்’ என்ற வரிசையில் வந்தால் அந்த மென்பொருளைப் பயன்படுத்தலாம். ‘அனல்’ முதலில் வந்தால், அல்லது ‘ஜன்னல்’ ‘ஞாயிறு’க்கு முன்னால் வந்தால், அது எண்ணைப் பார்த்து அடுக்குகிறது என்று பொருள்.

அட்டவணையில் செய்யும்போது ஒரு விபத்து நேர்வதைப் பார்த்திருக்கிறேன். சொற்கள் இருக்கும் நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து அடுக்கினால், சொற்கள் இடம் மாறும். விளக்கங்கள் பழைய இடத்திலேயே நிற்கும். ‘நொதி’க்கு எதிரே ‘செல்’லின் விளக்கம் வந்துவிடும். இதைத் தடுக்க, மொழிபெயர்ப்பு தொடங்கும் முன்பே மூலப் பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு வரிசை எண்ணைத் தனி நெடுவரிசையில் இட்டுவிடுங்கள். அடுக்கிய பிறகு ஐந்தாறு வரிகளை அந்த எண்ணைக் கொண்டு மூலத்தோடு ஒப்பிட்டால், விளக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். மொழிபெயர்ப்பைச் சரிபார்ப்பவருக்கும் மூலத்துக்குத் திரும்பிப் போக வழி இருக்கும். மூலத்தின் இரண்டு சொற்களுக்குத் தமிழில் ஒரே சொல் அமைந்துவிட்டால், அடுக்கியதும் அவை அடுத்தடுத்து வந்து நிற்கும். அப்போதுதான் அவற்றை ஒன்றாக்குவதா, வேறு சொல் தேடுவதா என்று முடிவு செய்ய முடியும். ‘காண்க’ என்று ஒரு சொல்லிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும் வரிகளில் சில, தமிழில் தமக்கு அடுத்த வரிக்கே அனுப்புவதாக ஆகிவிடும். அவற்றை நீக்கிவிடலாம்.

சொல்லடைவு என்றால் பக்க எண்கள் மூலநூலுடையவை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். தமிழ்ப் பக்க அமைப்பு முடிந்த பிறகே புதிய எண்களை இட முடியும். தலைச்சொல்லின் கீழ் வரும் உட்பிரிவுகளையும் தனித்தனியே அகரவரிசையில் அடுக்க வேண்டும். மேல்நிலை சரியாக இருந்து உட்பிரிவுகள் ஆங்கில வரிசையில் விடப்பட்ட அடைவுகளும் என்னிடம் வந்திருக்கின்றன.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது மூன்று. மொழிபெயர்ப்பாளரோடும் வடிவமைப்பாளரோடும் செய்துகொள்ளும் பணி உடன்பாட்டில், பட்டியல்களை அடுக்குவது யாருடைய பொறுப்பு என்று ஒரு வரி எழுதுங்கள்; இன்று அது இருவருக்கும் நடுவில் விழுந்து கிடக்கிறது. மேலே சொன்ன எழுத்து முடிவுகளை அரைப் பக்கத்தில் எழுதி, வேலை தொடங்கும் நாளிலேயே இருவருக்கும் கொடுங்கள். இறுதி மெய்ப்பில் அடைவுக்கு என்று தனியாக ஒரு சுற்று ஒதுக்கி, அதைப் பார்ப்பவரை முதலெழுத்தை விட்டுவிட்டு இரண்டாம் எழுத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். 300 சொற்களுக்கு அந்தச் சுற்று ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்காது.

நான் குறிப்பிட்ட அந்த அறிக்கை மூன்றாம் முறை திருத்தப்பட்டு வந்தபோது ‘நீர்’ தன் இடத்துக்கு வந்திருந்தது. ‘அனல்’ அகரப் பகுதியின் கடைசியில் இருந்தது. ‘ஔடதம்’ மட்டும் இன்னும் ‘ஒளி’யின் பக்கத்தில் நின்றது. அதையும் மாற்றி அனுப்பியிருக்கிறேன்.

அன்புடனும் மதிப்புடனும்,
ஒரு மெய்ப்பாளர்